பெருவிரல் மேட்டின் அடியில் இரு சிற்றெலும்புகள்

எள்ளின் பெயரைத் தாங்கிய எலும்புகள் நம் உடலில் சில உள்ளன என்பதை மாணவிகளுள் பலர் அறிந்திருக்கமாட்டீர்கள். கிரேக்க மொழியில் எள்ளுக்குச் ‘செசமோன்’ என்று பெயர். அச்சொல்லிலிருந்தே ‘செசமாய்டு’ என்னும் எலும்புப் பெயர் தோன்றியது. தசைநாணுக்குள் பொதிந்து கிடக்கும் உருண்டைச் சிற்றெலும்பு எதுவாயினும் அதற்கு இப்பெயரே. அவற்றுள் பெரியது முழங்கால் சில்லு. அதை யாரும் எள் என்று சொல்லமாட்டார்கள்! ஆனால் நாம் இங்கே காணப்போவது முழங்காலை அன்று. கால் பெருவிரலின் அடியில், உள்ளங்காலின் முன்பக்கத்தில் மேடாக இருக்கிறதே, அந்த இடத்தில் பக்கத்துக்குப் பக்கமாக அமைந்துள்ள இரண்டு எலும்புகளைத்தான். அவையும் எள்ளளவு இல்லை. ஏறத்தாழ ஒரு பட்டாணி அளவு இருக்கும்.

நடனம் பயிலும் மாணவிகளும் ஓட்டப்பந்தயத்தில் கலந்துகொள்ளும் மாணவிகளும், “டீச்சர், பெருவிரலுக்குக் கீழே கூழாங்கல்லை மிதிப்பது போல் வலிக்கிறது” என்று சொல்வதுண்டு. பலர் அதையும் சொல்வதில்லை. சொன்னால் ஆண்டு விழா நடனத்தில் தம் இடம் வேறொருத்திக்குப் போய்விடும் என்று பயந்து, பல்லைக் கடித்துக்கொண்டு ஆடுவார்கள். அவ்வாறு மறைப்பதால் இரண்டு வாரத்தில் தீரவேண்டிய வலி ஆறு மாத வலியாகிவிடக்கூடும். எப்படி என்பதை அறிய, முதலில் இந்த எலும்புகள் செய்யும் வேலையைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

கிணற்றில் நீர் இறைக்கும்போது கயிறு கப்பியின் மேல் ஓடுகிறது. கப்பி இல்லாமல் கல் விளிம்பின் மேல் கயிற்றை இழுத்தால் கயிறு தேயும்; கைக்கும் பளு கூடும். பெருவிரலைக் கீழே அழுத்தும் தசைநாண்களுக்கு இவ்விரு எலும்புகளும் ஏறக்குறையக் கப்பியின் வேலையைச் செய்கின்றன. தசைநாணை மூட்டிலிருந்து சற்று விலக்கிப் பிடிப்பதால், விரல் தரையை உந்தும் வலிமை கூடுகிறது. பெருவிரல் நுனிவரை செல்லும் நீண்ட தசைநாண் ஒன்று, இவ்விரு எலும்புகளுக்கும் இடையேயுள்ள பள்ளத்தில், நசுங்காமல் காப்பாக ஓடுகிறது.

இவற்றுக்கு மற்றொரு வேலையும் உண்டு. நாம் நிற்கும்போது முன்பாதம் தரையில் ஆறு இடங்களில் ஊன்றுகிறது என்று கொள்ளலாம். மற்ற நான்கு விரல்களின் வேரில் ஒவ்வோரிடம். பெருவிரலின் வேரில் மட்டும் இரண்டிடம். அந்த இரண்டும் இந்த எலும்புகளே. அவற்றுள்ளும் உட்பக்கம், அதாவது மற்றக் காலை நோக்கிய பக்கம் இருப்பதே பெரும்பாலும் அதிகப் பளுவைத் தாங்குகிறது. வலியும் அதற்கே அதிகம் வருகிறது.

குதிகால் தரையை விட்டெழுந்து பெருவிரல் மேல்நோக்கி மடங்கும்போது, இவ்வெலும்புகள் விரலோடு முன்னே இழுக்கப்பட்டு, பாத எலும்பின் தலைக்கு நேர் கீழே வந்து நிற்கின்றன. மேலே உடலின் எடை; கீழே தரை; பின்னே தசைநாணின் இழுப்பு. ஓடுபவள் ஒவ்வோர் அடியிலும் இந்த நிலையைக் கடந்து போகிறாள். ஒரு நொடிக்கும் குறைவான நேரமே. பரத நாட்டியம் ஆடுபவளோ முழுமண்டியில் இந்த நிலையிலேயே தங்குகிறாள். குதிகால்கள் உயர்ந்து, முழங்கால்கள் விரிந்து, முழு உடலும் முன்பாதத்தின் மேல் அமர்ந்திருக்க, பெருவிரல்கள் நன்றாக மடங்கியிருக்கின்றன. மண்டி அடவில் அப்படியே துள்ளவும் வேண்டும். குதித்துமெட்டு அடவில் முன்பாதத்தின் மேல் குதித்து இறங்குகிறோம். இவையனைத்தும் வெறுங்காலில், பெரும்பாலும் சிமெண்டுத் தரையில் அல்லது கல் தரையில் நடக்கின்றன. பாலே ஆடுபவர்களுக்கும் முன்பாதத்தின் மேல் எழும் நிலையால் இதே தொல்லை வருவதுண்டு. ஆனால் அவர்களுக்கு மரத்தளமும் மெல்லிய காலணியுமாவது உண்டு.

திடீரெனப் பயிற்சி கூடும்போதே வலி பெரும்பாலும் தொடங்குகிறது. வாரம் இரண்டு நாள் ஆடியவள் விழா நெருங்கியதும் ஆறு நாள் ஆடுவாள். எலும்பும் அதைச் சுற்றிய திசுக்களும் அத்தனை விரைவில் பழகிக்கொள்ளமாட்டா. உள்ளங்கால் வளைவு உயரமாக உள்ளவர்களுக்கு இவ்விடத்தில் பளு இன்னும் கூடுதலாக விழும். ஈரக்காலோடு தரையில் நின்றால் நடுப்பகுதியே பதியாத பாதம் அது.

வலி இந்த எலும்பிலிருந்துதான் வருகிறதா என்பதை நீங்களே ஓரளவு சோதித்துப் பார்க்கலாம். நாற்காலியில் அமர்ந்து, வலிக்கும் காலை மற்றக் காலின் முழங்கால்மேல் வையுங்கள். முதலில் தோலைப் பாருங்கள். முள்ளோ, மருவோ, காய்ப்போ இருந்தால் காரணம் அங்கேயே கிடைத்துவிடும். தோல் நன்றாக இருந்தால், பெருவிரல் மேட்டை ஒரு கைக் கட்டைவிரலால் மெல்ல அழுத்தி, மிக அதிகமாக வலிக்கும் ஒரு புள்ளியைக் கண்டுபிடியுங்கள். பிறகு மற்றக் கையால் கால் பெருவிரலை மேல்நோக்கி மடக்கி, அதே சோதனையை மறுபடி செய்யுங்கள். வலிக்கும் புள்ளி விரல் நுனிப் பக்கமாகச் சற்று முன்னே நகர்ந்திருந்தால், தோலுக்குள் அசையும் எலும்பே நோகிறது என்று பெரும்பாலும் கொள்ளலாம். வலி மூட்டின் மேற்புறத்தில் இருந்தாலும், விரல்களுக்கிடையே மரத்துப்போதல், மின்சாரம் பாய்வது போன்ற உணர்வு இருந்தாலும், கணுக்காலின் உட்புற எலும்புக்குப் பின்னே இழுத்துப் பிடித்தாலும், அது வேறு தொல்லை. அதற்கு இங்கே சொல்லும் முறை பொருந்தாது.

இனி, பளு நீக்குவது எப்படி என்பதற்கு வருவோம். வலிக்கும் இடத்தில் பஞ்சு வைப்பது நம் இயல்பு. பெரும்பாலோர் வலிக்கும் எலும்புக்கு நேர் கீழே பஞ்சையோ, ரப்பர் துண்டையோ வைத்துக்கொள்கிறார்கள். இது நேர்மாறான பலனையே தரக்கூடும். அடியில் ஒன்றை வைத்து உயர்த்தினால், நிற்கும்போது தரை முதலில் அந்த இடத்தைத்தானே முட்டும்? மெத்தென்று இருப்பதால் சிறிது நேரம் சுகமாகத் தோன்றும்; பஞ்சு நசுங்கியதும் பழைய வலி திரும்பும். செய்யவேண்டியது வலிக்கும் இடத்தைச் சுற்றிலும் உயர்த்தி, அந்த இடத்தை மட்டும் பள்ளமாக விடுவது. அப்போது பளு சுற்றியுள்ள இடங்களுக்குப் போகிறது. எலும்பு குழிக்குள் தொங்குகிறது. நடனக்காரர் திண்டு என்று மருத்துவர்கள் சொல்வது இதைத்தான்.

இதற்கு ஃபெல்ட் என்னும் கெட்டியான கம்பளித் துணி ஏற்றது. 5 அல்லது 6 மில்லிமீட்டர் கனம் போதும். காலணிக்குள் வைப்பதானால், வலிக்கும் புள்ளியில் சாந்துப்பொட்டையோ உதட்டுச்சாயத்தையோ தடவி, வெறுங்காலைக் காலணிக்குள் நுழைத்து ஒருமுறை அழுந்த நில்லுங்கள். காலணியின் உள்தளத்தில் அடையாளம் பதியும். அந்த அடையாளத்தை விட்டு விலகியே ஃபெல்ட் நிற்கவேண்டும். துண்டின் பெரும்பகுதி மேட்டுக்குப் பின்னே, பாத வளைவின் முன்பாகத்தில் அமையும். அங்கிருந்து ஒரு கை இரண்டாம், மூன்றாம் விரல்களின் வேரை நோக்கி முன்னே நீளும். பெருவிரல் மேடு இருக்கும் மூலையில் ஓர் எட்டணா நாணயத்தைவிடச் சற்றுப் பெரிய வளைவை வெட்டி எடுத்துவிடுங்கள். (எட்டணாவைப் பார்த்திராத சிறுமிகள், கட்டைவிரல் நகத்தைப் போல் இருமடங்கு அகலம் என்று கொள்ளலாம்.) பின்விளிம்பைக் கத்தரியால் சாய்வாகச் சீவாவிட்டால், படி ஏறுவது போல் காலில் இடறும். வெட்டிய குழிக்குள் எதையும் நிரப்பாதீர்கள். குழி வெறுமையாக இருப்பதில்தான் பயன் முழுவதும் அடங்கியிருக்கிறது.

வெறுங்காலில் ஆடுகிறவளுக்குக் காலணியில் ஒட்டிய திண்டு பயன்படாது. ஆகவே பயிற்சி நேரத்தில் அதே துண்டைப் பாதத்தின்மேலேயே வைத்துப் பிளாஸ்திரியால் ஒட்டிக்கொள்ளவேண்டும். இதற்கு 3 மில்லிமீட்டர் கனமே நல்லது. இல்லையெனில் அரைமண்டியில் நிலை தடுமாறும். பெருவிரல் மிகுதியாக மேலே மடங்காதபடி, விரலின் அடிப்புறத்திலிருந்து பாத வளைவு வரை ஒட்டும் பட்டை ஒன்றை நீளவாட்டில் ஒட்டுவதும் உதவும். ஒட்டும்போது விரல் நேராக இருக்கட்டும். ஒட்டியபின் நகத்தை அழுத்தி விட்டால் உடனே சிவப்பு திரும்பவேண்டும். வெளிறியே இருந்தால் பட்டை இறுக்கம், உடனே அவிழ்த்துவிடுங்கள். தோல் அரித்தாலும் அப்படியே.

திண்டு சரியாக இருக்கிறதா என்பதற்குச் சோதனை எளிது. எழுந்து நின்று பத்தடி நடந்து பாருங்கள். வலி உடனே பாதியாவது குறையவேண்டும். குறையவில்லையெனில் குழி சரியான இடத்தில் இல்லை. அரை விரற்கடை நகர்த்திப் பாருங்கள். நாலைந்து நாளில் இரண்டாம் விரலின் வேரில் புதிதாக நோவு தோன்றினால், பளுவை ஓரிடத்திலிருந்து எடுத்து மற்றோரிடத்தில் மிகுதியாகப் போட்டுவிட்டோம் என்று பொருள். திண்டின் கனத்தைக் குறைக்கவேண்டும். திண்டு பளுவை ஒழிப்பதில்லை, இடம் மாற்றத்தான் செய்கிறது. எனவே திண்டு வைத்துக்கொண்டு முன்போலவே முழுமண்டி செய்யலாம் என்று எண்ணுவது தவறு. மண்டியில் விரல் மடங்கும்போது தசைநாண் இழுக்கும் இழுப்பை எந்தத் திண்டாலும் தடுக்க முடியாது.

இதை ஓர் எடுத்துக்காட்டால் விளக்குவோம். ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தி. பரதமும் பயில்கிறாள், 200 மீட்டரும் ஓடுகிறாள் என்று வைத்துக்கொள்வோம். ஆண்டு விழாவுக்கு எட்டு வாரம் இருக்கிறது. மூன்று வாரமாக வலது பெருவிரலடியில் வலி. வரவரக் காலையில் குளியலறைத் தரையை மிதிக்கும்போதும் வலிக்கிறது. பெருவிரலைத் தவிர்க்கப் பாதத்தின் வெளிவிளிம்பால் நடப்பதால், அவளுடைய வலது செருப்பு வெளிப்பக்கம் தேய்ந்திருக்கிறது. அழுத்திப் பார்த்தால் உட்பக்க எலும்பில் நோவு. விரலை மடக்கினால் புள்ளி நகர்கிறது.

பெற்றோர் அவளை எலும்பு மருத்துவரிடம் அழைத்துச் செல்கிறார்கள். எக்ஸ்ரே படத்தில் உட்பக்க எலும்பு இரண்டு துண்டாகத் தெரிகிறது. ‘எலும்பு முறிந்துவிட்டது’ என்று தாயார் கலங்குகிறார். இங்கேதான் ஒரு நுட்பம் இருக்கிறது. இந்த எலும்புகள் பிறக்கும்போது குருத்தெலும்பாகவே உள்ளன. சிறுமிகளுக்கு ஏறக்குறைய எட்டு, ஒன்பது வயதில்தான் கெட்டி எலும்பாக மாறத் தொடங்குகின்றன. அவ்வாறு மாறும்போது இரண்டு இடங்களில் தொடங்கி, இரண்டும் கடைசிவரை சேராமலே நின்றுவிடுவதும் உண்டு. இது நோயன்று, நலமாக உள்ள பலருக்கும் அப்படியே இருக்கிறது. இயற்கையிலேயே இரண்டாக இருப்பவற்றின் விளிம்புகள் உருண்டு வழவழப்பாக இருக்கும். இரண்டையும் சேர்த்தால் சாதாரண எலும்பைவிடப் பெரிதாகவும் இருக்கும். முறிந்தவையோ, உடைந்த பிஸ்கோத்துப் போல, கூரிய விளிம்புகளோடு ஒன்றுக்கொன்று பொருந்தி நிற்கும். மருத்துவர் இடது காலையும் படமெடுக்கச் சொல்கிறார். அதிலும் அதேபோல் இரண்டு துண்டு. அந்தக் காலிலோ வலி இல்லை. ஆகவே படத்தில் தெரிவது முறிவாக இருக்க வாய்ப்புக் குறைவு என்று முடிவாகிறது. மற்றக் காலில் அப்படி இல்லாவிட்டால் முறிவு என்று உடனே சொல்லிவிடவும் முடியாது. ஒரு காலில் மட்டும் இரண்டாக இருப்பவர்களும் உள்ளனர். நுண்ணிய விரிசல் முதல் சில வாரங்களில் எக்ஸ்ரேயில் தெரியாமலே போகலாம். ஐயம் நீடித்தால் எம்.ஆர்.ஐ. படம் எடுப்பார்கள்.

மாணவிக்குச் சொல்லப்படுவது இதுதான்: முதல் இரண்டு வாரம் ஓட்டமும், குதிப்பும், மண்டியும் கூடா. வீட்டுக்குள்ளும் வெறுங்காலில் நடக்கக்கூடாது. அடித்தளம் எளிதில் வளையாத காலணி, அதற்குள் திண்டு. குதி உயர்ந்த செருப்பு வேண்டவே வேண்டாம். மாலையில் துணியில் சுற்றிய பனிக்கட்டி 15 நிமிடம். வகுப்புக்குப் போவதை நிறுத்தவேண்டியதில்லை. அமர்ந்தபடி அபிநயமும், கைமுத்திரைகளும், சொற்கட்டும் பயிலலாம். மூச்சு வலுக் குறையாதிருக்கச் சைக்கிள் ஓட்டலாம். ஆனால் மிதியைப் பாதத்தின் நடுப்பகுதியால் மிதிக்கவேண்டும்.

மூன்றாம் வாரம் சாதாரண நடையில் வலி இல்லை. பாதத்தில் திண்டு ஒட்டிக்கொண்டு, தட்டடவைக் காலம் தாழ்த்தி, ஓசை எழாமல் மெல்லத் தட்டுகிறாள். முதல் நாள் பத்து நிமிடமே. இங்கே ஒரு கணக்கு வைத்துக்கொள்ளவேண்டும். தாங்கவே முடியாத வலிக்குப் பத்து மதிப்பெண் என்றால், பயிற்சியின்போது இரண்டுக்கு மேல் போகக்கூடாது. மறுநாள் காலைக்குள் அதுவும் மறைந்திருக்கவேண்டும். மறையவில்லையெனில் முந்தைய படிக்கே திரும்பவேண்டும். நாலாம் வாரத்தில் நாட்டடவு சேர்கிறது. அதில் நீட்டிய கால் குதிகாலால் ஊன்றுவதால் பெருவிரல் மேட்டுக்குத் தொல்லை இல்லை. ஐந்தாம் வாரம், இரு கால்களாலும் குதியுயர்த்தி இறங்கும் பயிற்சி. சுவரைப் பிடித்துக்கொண்டு பத்து முறை. ஆர்வத்தால் அன்றே குதித்துமெட்டு அடவையும் ஆடிப் பார்க்கிறாள். மறுநாள் காலை வலி நான்கு. கணக்குப்படி ஒரு வாரம் பின்னே போகிறாள். ஏழாம் வாரத்தில் மெதுவோட்டம் வருகிறது, பள்ளி மைதானத்தின் புல்லில். முள் பதித்த காலணி இன்னும் இல்லை. முள் ஒன்று சரியாகப் பெருவிரல் மேட்டின் கீழே இருக்குமானால் அந்தக் காலணியையே மாற்றவேண்டியிருக்கும்.

முழுமண்டி எல்லாவற்றுக்கும் கடைசி. எட்டாம் வாரத்தில் அது வந்து சேரவில்லை. அவளுடைய நாட்டிய ஆசிரியை, “மண்டி இல்லாமல் ஆடமுடியாதா என்ன?” என்று அவள் ஆடும் பகுதியில் மண்டி வரும் தீர்மானத்தை அரைமண்டியில் அமைத்துக்கொடுக்கிறார். பார்வையாளர்களுள் அதைக் கவனிப்பவர் சிலரே இருப்பர். 200 மீட்டர் ஓட்டத்தை அந்தப் பருவத்திற்கு விட்டுவிடுகிறாள். இரண்டில் ஒன்றை விடவேண்டும் என்றால் விடவேண்டியதுதான். இரண்டையும் பிடித்துக்கொண்டு இரண்டையும் கெடுத்துக்கொண்டவர்கள் உண்டு.

எல்லோருக்கும் இந்த வேகத்தில் தீர்ந்துவிடாது. நுண்விரிசல் இருந்தால் ஆறு முதல் எட்டு வாரம் வரை, சில சமயம் அதற்கும் மேலாக, பாதம் அசையாதிருக்கும் கெட்டிக் காலணி அணிய நேரிடும். இச்சிற்றெலும்புகளுக்கு இரத்த ஓட்டம் குறைவு. அதனால் விரிசல் கூடுவதும் தாமதமே. சிலருக்கு எலும்பின் ஒரு பகுதி இரத்தமின்றிச் செத்துப்போவதும் உண்டு. மாதக்கணக்கில் எல்லாம் செய்தும் பயனில்லையென்றால் மட்டுமே அறுவைச் சிகிச்சை செய்து எலும்பை எடுப்பதைப் பற்றி மருத்துவர் பேசுவார். கப்பியை எடுத்தால் கயிற்றின் இழுப்புக் குறையும், விரலும் ஒருபக்கம் சாயக்கூடும் என்பதால் அவர்கள் அதற்கு எளிதில் உடன்படுவதில்லை.

குதிக்கும்போது ‘டக்’கென்று ஓசை கேட்டு உடனே வீங்கினாலும், மூட்டுச் சிவந்து சூடேறிக் காய்ச்சல் வந்தாலும், படுத்திருக்கும்போதே வலித்தாலும், திண்டு ஓய்வு இவற்றால் மூன்று வாரத்தில் சிறிதும் குறையாவிட்டாலும், வீட்டு வைத்தியத்தோடு நிற்காமல் மருத்துவரிடம் செல்லுங்கள். திண்டு வைத்து நலமடைந்தவர்கள் அதை வாரத்துக்கு ஒருமுறை எடுத்துப் பாருங்கள். ஃபெல்ட் நாளடைவில் நசுங்கித் தட்டையாகிவிடும். புதிதாக வெட்டியதன் பாதிக் கனத்துக்கு வந்துவிட்டால் அதை எறிந்துவிட்டு வேறொன்று வெட்டிக்கொள்ளுங்கள்.